மூன்று A கடந்தால் பாலம்

கொழும்பில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் மூன்று பேர்தான். நான், டிரம்ஸ் வாசிக்கும் ஒரு பெடியன், பேஸ் வாசிக்கும் அண்ணை. அண்ணை கொட்டாஞ்சேனைக்காரர். கோயர், பைலா பார்ட்டி, கலியாண வீடு, ஜாஸ் என்று எல்லா இடத்திலும் வாசித்துத் தேய்ந்த கை. மேடையில் அதிகம் கதைக்க மாட்டார். பிழை விட்டால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு அந்தப் பார்வை கிடைத்தது. மைல்ஸ் டேவிஸின் "சோ வாட்" வாசித்துக்கொண்டிருந்தோம். 1959இல் வந்த பாட்டு. அதைவிடச் சுலபமான அமைப்பு ஜாஸில் குறைவு. ஒரு பார் என்றால் நான்கு அடி. முதல் 16 பார் முழுக்க D மைனர் நிறம். அடுத்த 8 பார், அதே சங்கதி அரைச் சுரம் மேலே ஏறி E ஃபிளாட்டில். கடைசி 8 பார் திரும்பவும் D. மொத்தம் 32. எட்டு எட்டாக வெட்டினால் D, D, E ஃபிளாட், D. எழுத்தில் AABA. அந்த B-க்குப் பெயர்தான் பிரிட்ஜ், பாலம்.

பாட்டை ஒருமுறை சேர்ந்து வாசித்தோம், பிறகு என் முறை. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாம் சுற்றில் கொஞ்சம் உற்சாகம் கூடி, கைக்கு வந்ததையெல்லாம் வாசித்துக்கொண்டு போய், "சரி, இரண்டு A முடிந்தது, இனி B" என்று E ஃபிளாட்டுக்குத் தாவினேன். அண்ணை D-யிலேயே நிற்கிறார். அரைச் சுர வித்தியாசம் எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேசையில் இருந்த ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணை கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, பிரிட்ஜுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?"

எனக்கு விளங்கவில்லை. இரண்டு A-க்குப் பிறகுதானே B? அவர் மேசையில் இருந்த கடதாசி நாப்கினை எடுத்து AABAAABA என்று இடைவெளி விடாமல் எழுதினார். "இப்ப பார். B-க்கும் B-க்கும் இடையில எத்தனை A?"

மூன்று.

இதுதான் எனக்குப் பத்து வருடமாக விளங்காமல் இருந்த விஷயம். AABA-வை ஒருமுறை எழுதிப் பார்த்தால் இரண்டு A, ஒரு B, ஒரு A. ஆனால் யாரும் அதை ஒருமுறை மட்டும் வாசிப்பதில்லை, அது சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்றின் கடைசி A-யும் அடுத்த சுற்றின் முதல் இரண்டு A-யும் ஒட்டிக்கொள்ளும்போது 24 பார் ஒரே மாதிரி ஓடுகிறது. வாசிப்பவன் தொலைவது பெரும்பாலும் அங்கேதான். புதுச் சுற்றின் முதல் A-யை இரண்டாவது A என்று நினைத்து, 8 பார் முந்தி பாலத்தில் ஏறிவிடுவான். அண்ணை சொன்ன கணக்கு: பாலத்தால் இறங்கியதும் மூன்று A எண்ணு, பிறகு ஏறு. சுற்று எங்கே தொடங்குகிறது என்று யோசிக்கவே வேண்டாம். பாலம் மட்டும்தான் அடையாளம், மற்றதெல்லாம் ஒரே தெரு.

இதை எழுதத் தொடங்கிய காரணம், வேர்ஸ், கோரஸ், பிரிட்ஜ் என்ற சொற்களை நாங்கள் எல்லாரும் பாவிக்கிறோம், ஆனால் ஆளுக்கொரு அர்த்தத்தில் பாவிக்கிறோம் என்பதுதான். ஒத்திகையில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. எங்களுடைய காதில் கோரஸ் என்றால் சினிமாப் பாட்டில் பின்னால் நின்று "லலலா" பாடும் ஆட்கள். பொப் பாட்டு வாசிக்கும் பெடியனுக்கு கோரஸ் என்றால் திரும்பத் திரும்ப வரும், எல்லாரும் சேர்ந்து கத்தும் பகுதி. அண்ணையைப் போல ஜாஸ் வழியில் வந்தவருக்கோ, 32 பார் கொண்ட ஒரு முழுச் சுற்றுக்குப் பெயர்தான் கோரஸ். "நீ இரண்டு கோரஸ் எடு" என்றால் 64 பார் தனியாக வாசி என்று அர்த்தம்.

வேர்ஸ் என்ற சொல்லும் அப்படியே. பொப் பாட்டில் வேர்ஸ் என்றால் கதை நகரும் பகுதி. மெட்டு அதேதான், ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறும். எங்கள் பாட்டுகளில் சரணம் செய்யும் வேலை. ஆனால் 1920, 30களில் நியூயோர்க்கில் நாடகத்துக்கும் படத்துக்கும் பாட்டு எழுதியவர்கள் வேர்ஸ் என்றது வேறு. அது பாட்டுக்கு முன்னால் வரும் ஒரு முன்னுரை. நாடகத்தில் வசனத்திலிருந்து பாட்டுக்கு இறங்க ஒரு படிக்கட்டு மாதிரி. ஒருமுறை பாடிவிட்டு விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் 32 பார்தான் உண்மையான பாட்டு. 1939இல் "த விசார்ட் ஒஃப் ஓஸ்" படத்தில் வந்த, ஹரோல்ட் ஆர்லன் மெட்டமைத்த "ஓவர் த ரெயின்போ"வுக்கும் அப்படி ஒரு வேர்ஸ் இருக்கிறது, படத்தில் அதைப் பாடவில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம், ஏனென்றால் பாலம் என்ன வேலை செய்கிறது என்று இதைவிட வடிவாகக் காட்டும் பாட்டு எனக்குத் தெரியாது. A பகுதி கீழ்ச் சட்ஜமத்திலிருந்து மேல்ச் சட்ஜமத்துக்கு ஒரே பாய்ச்சலில் ஏறுகிறது. பிறகு நீண்ட நீண்ட சுரங்களாக மெல்ல மெல்ல இறங்குகிறது. இரண்டு தடவை இதைக் கேட்டுவிட்டோம். மூன்றாவது தடவையும் அந்தப் பாய்ச்சல் வந்தால் காது களைத்துவிடும். அங்கேதான் B. B-யில் பாய்ச்சல் கிடையாது. காந்தாரம், பஞ்சமம், காந்தாரம், பஞ்சமம் என்று பெரும்பாலும் இரண்டிரண்டு சுரங்களுக்கு இடையில் ஒரு பிள்ளை ஊஞ்சல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டே போகிறது. சுரங்கள் குட்டை, சொற்கள் நெருக்கம். எட்டு பார் இப்படி ஆடிவிட்டுத் திரும்ப அந்தப் பாய்ச்சல் வரும்போது, முன்பு கேட்ட அதே சுரம்தான், ஆனால் இன்னும் உயரம் கூடியது போலக் கேட்கிறது.

பிரிட்ஜ் என்றால் பாட்டு உச்சத்துக்குப் போக வேண்டும், குரல் மேலே ஏற வேண்டும் என்று ஒரு எண்ணம் உண்டு. இந்தப் பாட்டில் பிரிட்ஜ் தொடங்குவது பாட்டின் சொந்த ஆதார கோர்டில்தான், அதாவது ஆதார சுரத்தின் மேல் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தில்தான். ஊர் மாறவில்லை, நடை மாறியது. A பாய்ந்தால் B நடக்க வேண்டும், A நீட்டினால் B குறுக்க வேண்டும். எதில் வேறுபடுகிறது என்பது எழுதுபவன் விருப்பம், வேறுபட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு ஆசை வந்தது. தமிழில் ஒரு AABA எழுதிப் பார்ப்போமே. எங்கள் பாட்டுகள் பல்லவி, சரணம் என்று போகும், சரணம் முடிந்ததும் பல்லவியின் முதல் வரிக்கு வந்து நிற்கும். அதாவது கோரஸில் தொடங்கி, கோரஸுக்குத் திரும்பும் குடும்பம். AABA அந்தக் குடும்பமே இல்லை. அதில் தனியாகக் கோரஸ் என்று ஒன்று கிடையாது. பாட்டின் பெயராக நிற்கும் வரி A-க்குள்ளேயே இருக்கும், ஒன்றில் தலையில், இல்லாவிட்டால் வாலில்.

வெள்ளவத்தையில் என் சின்னம்மா பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில்தான் இதற்கான வேலை நடந்தது. 32 பார் என்றதும் அவருக்கு முகம் சுருங்கியது. "பார் எண்டா எவ்வளவு?" நான்கு அடி என்றேன். உடனே விரலை விட்டார். ஆதி தாளம் எட்டு அட்சரம். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. ஒரு ஆவர்த்தனத்துக்குள் இரண்டு பார் அடங்கும். அப்போ எட்டு பார் நாலு ஆவர்த்தனம். "இவ்வளவுதானே. நாலு நாலாய் நாலு தரம். இதுக்கு ஏன்டா இவ்வளவு கஷ்டப்படுறியள்?"

எனக்கு அது பெரிய உதவி. பார்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ மனம் வேறெங்காவது போய்விடும். ஒரு வரிக்கு ஒரு ஆவர்த்தனம், ஒரு பகுதிக்கு நாலு வரி என்று வைத்தால் எண்ணவே தேவையில்லை. வரியே எண்ணிக்கொள்ளும். அப்படி எழுதியதுதான் இது. முதல் A:

காலி வீதி நனைஞ்சு கிடக்குது
கடைசி பஸ்ஸும் கடந்து போகுது
குடையை மடிச்சு நானும் நிக்கிறேன்
மழை விட்ட பிறகு

இரண்டாவது A, அதே மெட்டு:

கரையோரத் தண்டவாளம் மினுங்குது
கச்சான் வண்டி விளக்கும் எரியுது
உன் வீட்டு யன்னல் மட்டும் இருட்டு
மழை விட்ட பிறகு

கடைசி வரி இரண்டிலும் ஒன்று. அது கோரஸ் இல்லை, ஒரு வரி நீளமுள்ள ஆணி. எத்தனை வரி எங்கே அலைந்தாலும் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும். இது வரைக்கும் எனக்குத் திருப்திதான். பாலம்தான் உயிரை எடுத்தது. முதலில் எழுதிய பாலம்:

பார்த்த நாளில் பேச்சுக் கொடுத்தாய்
பக்கம் வந்து பொறுக்கச் சொன்னாய்
காத்திருந்து வருசம் போச்சு
காற்றில் உந்தன் வார்த்தை ஆச்சு

சின்னம்மா தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "ம், மூன்றாவது சரணமும் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் சரணம் எழுதவில்லை, பாலம் எழுதினேன் என்று விளக்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கேட்பவருக்கு அது பாலம் என்று தெரியாவிட்டால் அது பாலம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எது பிழை? மெட்டு வேறு. கோர்டும் வேறு, F-இல் தொடங்கியிருந்தேன். ஆனால் நாலு வரியும் A-யைப் போலவே சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே விழுகின்றன. அதே நீளம், அதே எதுகைப் பழக்கம், "போகுது" போன இடத்தில் "போச்சு". நடை மாறவே இல்லை. சின்னம்மா சொன்ன வைத்தியம் கர்நாடக இசைக்காரர் சொல்வது: "எடுப்பை மாத்து." எடுப்பு என்றால் தாளத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. சமத்தில் தொடங்காமல் தட்டு விழுந்த பிறகு தொடங்கினால் அது அனாகத எடுப்பு. ஒரு அட்சரம் விட்டுத் தொடங்கு, சொற்களைக் குறை என்றார். திருத்தியது இப்படி:

(தட்டு) கொஞ்சம் பொறு எண்டாய்
(தட்டு) நானும் பொறுத்தேன்
(தட்டு) வருசம் மூண்டு
(தட்டு) இன்னும்... இன்னும்...

பாடிப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அந்த வெறும் தட்டு விழும்போது, பாடுபவன் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். நாலு வரி நெருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்த காது திடுக்கென்று வெளியாகும். இலக்கியமாகப் பார்த்தால் முதலில் எழுதியதுதான் நல்ல தமிழ் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். இருக்கலாம். ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

அடுத்த பிழை கோர்டில். பாட்டு C-யில். என் முதல் பாலத்தின் எட்டு பார்கள் இவை:

```
F  | F  | C  | C
F  | G  | C  | C
```

கடைசி இரண்டு பாரையும் பாருங்கள். C-யில் போய் அமர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாறத்தைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாகிவிட்டது. அடுத்த பாரில் மூன்றாவது A திரும்பவும் C-யில் தொடங்கும்போது யாருக்கும் அது திரும்பி வந்ததாகத் தோன்றாது, ஏற்கெனவே வந்தாயிற்றே. அண்ணை இதைப் பார்த்துவிட்டு ஒரு வரியை மட்டும் மாற்றினார்:

```
F  | F  | C  | C
D7 | D7 | G7 | G7
```

D7 வந்தால் காது G-யைக் கேட்கும், G7 வந்தால் C-யைக் கேட்கும். ஒருவரிடம் கடன் வாங்கி அடுத்தவரிடம் அடைக்கிற மாதிரிச் சங்கிலி. கடைசி இரண்டு பார் முழுக்க G7-இல் தொங்குவதால் "இன்னும்... இன்னும்..." என்ற சொல்லும் கோர்டும் ஒன்றாகத் தொங்குகின்றன. பழைய பாடல்களில் இந்தச் சங்கிலியை இன்னும் நீளமாகவே கட்டியிருக்கிறார்கள். ஜோர்ஜ் கெர்ஷ்வினின் 1930ஆம் ஆண்டுப் பாட்டு "ஐ காட் ரிதம்" B ஃபிளாட்டில் வாசிக்கப்படுவது. அதன் பாலம் D7, G7, C7, F7 என்று ஒவ்வொன்றும் இரண்டிரண்டு பாராக நாலு படி. நாலாவது படி நேராகக் கொண்டுபோய் வீட்டு வாசலில் விடும். அந்தப் பாட்டின் கோர்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மெட்டுப் போடுவது ஜாஸில் ஒரு பெரிய வழக்கமாகவே ஆகிவிட்டது. "ரிதம் சேஞ்சஸ்" என்று பெயர் சொன்னாலே போதும், யாரோடும் வாசிக்கலாம்.

அண்ணை இன்னொன்றும் செய்தார். இரண்டாவது A-யின் கடைசி பாரில் C-க்குப் பதிலாக C7. முதல் A-யின் கடைசியில் அது வரக்கூடாது, அங்கே G7 போட்டு A-க்கே திருப்ப வேண்டும். இரண்டாவதில் மட்டும் C7. C7 என்பது F-ஐக் கேட்கும் கோர்ட், பாலம் F-இல் தொடங்குகிறது. பாலம் வருகிறது என்று ஒரு பார் முந்தியே மணி அடிக்கிறது. லவுஞ்சில் நான் தொலைந்த அன்று இப்படியொரு மணியும் கிடையாது, "சோ வாட்" அப்படி எழுதப்பட்ட பாட்டே இல்லை. எல்லாம் நாங்களே எண்ண வேண்டியதுதான். சாதாரண AABA-யில் தொலைந்துபோனால் வாசிப்பதை நிறுத்திவிட்டு இந்த மணிக்குக் காது கொடுத்தால் போதும். டிரம்ஸ்காரரும் அந்த இடத்தில் ஏதாவது சின்னதாய் உருட்டுவார்.

சின்னம்மாவிடம் இந்தத் திருத்தத்தோடு போனபோது வேறு பிரச்சினை. C மேஜர் என்றால் அவருக்கு சங்கராபரணம். C7-இல் கைசிகி நிஷாதம் இருக்கிறது, D7-இல் பிரதி மத்யமம் இருக்கிறது, இரண்டும் அந்த ராகத்தில் இல்லாதவை. ஒரே காதில் இரண்டையும் பிடித்துவிட்டார். "சங்கராபரணத்துக்குள்ள கல்யாணி எங்கால வந்தது?" கிருதியில் அனுபல்லவியும் பெரும்பாலும் மேலே ஏறி வேறு இடம் போய்வரும், பல்லவிக்குத் திரும்பும், கிட்டத்தட்ட பாலம் மாதிரித்தான் என்று அதுவரைக்கும் நாங்கள் ஒத்துப் பேசிக்கொண்டிருந்தோம். பல கிருதிகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டிலேயே வரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஆனால் ஒப்புமை இந்த இடத்தில் முடிந்துவிட்டது. அனுபல்லவி எங்கே போனாலும் ராகத்தின் வேலிக்குள் போகும். பாலம் வேலி தாண்டிப் போய்வரலாம், பெரும்பாலும் அதற்காகவே போகிறது. கடைசியில் அவர் அந்தப் பிரதி மத்யமத்தைப் பாடினார். "வருசம் மூண்டு" என்ற இடத்தில், பஞ்சமத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு. முகத்தில் கொஞ்சம் புளிப்பு. நன்றாக இருந்தது.

மூன்றாவது A:

காலி வீதி காஞ்சு போச்சுது
காலை பஸ்ஸும் கோர்ன் அடிக்குது
குடையை மறந்து நானும் போறேன்
மழை விட்ட பிறகு

மெட்டு ஒரு சுரமும் மாறவில்லை. பாலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்ததால் கடைசி வரி மட்டும் வேறு வரியாகக் கேட்கிறது. AABA-யில் மூன்றாவது A-யைத் திரும்ப எழுத வேண்டிய அவசியம் இல்லை, முதல் A-யையே பாடிவிட்டுப் போகலாம், அப்படிப் பாடல்கள் உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படும்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 32 பார் என்றால் 128 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு சுற்று 64 விநாடி. அதனால் வேகப் பாட்டில் பத்துச் சுற்றுக்கூட வாசிக்கலாம். மெதுவான பாட்டில், நிமிடத்துக்கு 60 அடியில், ஒரு சுற்றே இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். பாடகி ஒருமுறை முழுதாகப் பாடி, நடுவில் பியானோ 16 பார் வாசித்து, திரும்பவும் முழுதாகப் பாடினால் சாப்பிட வந்தவர்கள் பில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் வழக்கம் என்னவென்றால், பியானோ முதல் இரண்டு A-யை எடுத்துக்கொள்ளும், பாடகி நேராகப் பாலத்தில் சேர்ந்து B, A பாடி முடித்துவிடுவார். "பிரிட்ஜிலிருந்து" என்று ஒரு சொல் சொல்வார்கள், அவ்வளவுதான். ஒருமுறை அதை நான் கேட்காமல், பாட்டை முதலிலிருந்து எடுப்பார் என்று நினைத்து முதல் A-யை ஆறுதலாகத் தொடங்கி, பாடகி பாலத்தில் நிற்க நான் வேறு தெருவில் நின்றேன். இதிலும் அண்ணையின் பார்வை கிடைத்தது.

எட்டு எட்டாக வெட்டுவதை வேதமாகவும் எடுக்கக்கூடாது. லவுஞ்சில் வாரம் தவறாமல் யாராவது கேட்கும் பாட்டு பீட்டில்ஸின் "யெஸ்டர்டே", 1965. அதுவும் A, A, B என்று போகிற குடும்பம்தான், பாலத்தை இன்னொரு தரமும் பாடுவார்கள். ஆனால் அதன் A எட்டு பார் இல்லை, ஏழு. கேட்கும்போது யாருக்கும் குறை தெரியாது. வாசிக்கும்போது, பழக்கத்தில் கை எட்டாவது பாரை வாசித்துவிடும், பாடுபவர் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பார். எங்கள் டிரம்ஸ் பெடியன் ஒவ்வொரு தடவையும் அந்த எட்டாவது பாரில் தனியாக நிற்பான். பிரித்தானியர் பாலத்துக்கு வைத்த பெயரே மிடில் எய்ட், நடு எட்டு. எட்டாக இல்லாவிட்டாலும் அப்படியேதான் சொல்வார்கள்.

என் பாட்டுக்கு வருவோம். மச்சாளின் மகளின் பிறந்தநாளுக்கு தெஹிவளையில் ஒரு சின்ன ஹோலில் அதை முதல் தரம் வாசித்தோம். சின்னம்மாதான் பாடினார். சனம் நன்றாகத்தான் கேட்டது. முதல் A-யில் கை தட்டத் தொடங்கினார்கள், இரண்டாவது A-யில் தலையாட்டினார்கள், பாலத்தில் கை நின்றது, மூன்றாவது A முடிந்ததும் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்துவிட்டது. பிறந்தநாள்காரி, வயது பதினான்கு, என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, கோரஸ் எங்க?"

கோரஸ் இல்லை, அதன் அமைப்பு அப்படி, என்று நாப்கினில் எழுதிக் காட்டினேன். அவள் நாப்கினைப் பார்க்கவில்லை. "அப்ப நாங்க எதைப் பாடுறது?"

நியாயமான கேள்வி. பைலா கேட்டு வளர்ந்த ஊர் இது. இரண்டாம் தரம் வரும்போது சேர்ந்து பாட ஒரு பகுதி இல்லாவிட்டால் ஹோலில் பாட்டு நிற்காது. AABA ஒருவர் பாட மற்றவர் கேட்கும் பாட்டு. லவுஞ்சுக்குச் சரி. அன்றிரவே அதைப் பிரித்துப் பார்த்தேன். A இரண்டும் வேர்ஸாகின்றன, ஏனென்றால் கதை அங்கேதான் நகர்கிறது. கோரஸ் புதிதாக வேண்டும். வேர்ஸின் வாலில் இருந்த "மழை விட்ட பிறகு" இப்போது கோரஸின் தலைக்குப் போகிறது, உயர்ந்த சுரத்தில், நீட்டி, யாரும் பாடக்கூடிய அளவு சுலபமாக. சொல் ஒவ்வொரு தரமும் மாறக்கூடாது. பழைய பாலம் என்ன ஆவது? முதலில் அதை ஒவ்வொரு கோரஸுக்கு முன்னாலும் வைத்துப் பார்த்தேன், உடனே கெட்டது. திரும்பத் திரும்ப வரும் பாலம் பாலம் இல்லை. கடைசியில் வேர்ஸ், கோரஸ், வேர்ஸ், கோரஸ், அதற்குப் பிறகு ஒரேயொரு தரம் பாலம், பிறகு கடைசிக் கோரஸ். G7-இல் தொங்கிய அந்த "இன்னும்... இன்னும்..." இப்போது A-க்குப் பதிலாகக் கோரஸில் போய் விழுகிறது, அதற்கு ஒரு சுரமும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் மூன்றாவது A-க்கு இடமே இல்லை. குடையை மறந்து போகிற வரி வெளியே விழுந்துவிட்டது.

இப்போது இரண்டு பாட்டு இருக்கிறது. டிரம்ஸ் பெடியனும் மருமகளும் புதியதைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள். சின்னம்மா பழையதை மட்டும் பாடுவார், அதுவும் பிரதி மத்யமத்தில் இன்னும் கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டு. புதியதில் குடை என்ன ஆனது என்று ஒருமுறை கேட்டார். இரண்டாவது வேர்ஸில் நுழைக்கப் பார்த்தேன், பாலத்துக்கு முந்தி அந்த வரி வந்தால் அர்த்தமே இல்லை. அண்ணை நாப்கின் ஒன்றை எடுத்து, கடைசிக் கோரஸுக்குப் பிறகு ஒரு A எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பேஸைத் துடைக்கப் போய்விட்டார். அடுத்த வெள்ளி வாசித்துப் பார்க்க வேண்டும்.